பாசிப்பயறு முளைகட்டுதல்: புளிப்பு நாற்றம் எழாமல் காக்கும் முறை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

பாசிப்பயற்றை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, முளை வந்ததும் தாளித்தோ அவித்தோ உண்பது நம் வீடுகளில் பழகிய வழக்கமே. மார்கழி, தை மாதங்களில் எவ்விதத் தொல்லையுமின்றி முளைக்கும் பயறு, பங்குனி, சித்திரை மாதங்களில் அதே வீட்டில், அதே பாத்திரத்தில், அதே கைகளால் கட்டப்பட்டும் புளித்து நாறுவதைப் பலரும் கண்டிருப்பர். முதல் நாள் மாலை நன்றாக இருந்த மூட்டையை மறு நாள் காலையில் அவிழ்த்தால், பழைய கழுநீரின் நாற்றம் வீசும். பயறு விரலில் வழுவழுவென்று ஒட்டும். "பயறு சரியில்லை" என்று கடைக்காரரைக் குறை கூறுவதோ, "வெயில் காலத்தில் முளைகட்டக் கூடாது" என்று விட்டுவிடுவதோதான் பெரும்பாலும் நடைபெறுகிறது. உண்மையில் இத்தவறு நேரக் காரணம் ஒன்றே. முளைக்கும் பயறுக்கு நாம் நீர் தெளிக்கிறோம். ஆனால் அதனை அலசுவதில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டையும், அதனை ஒட்டி ஊறவைத்தல், வெப்பம், அலசும் நேரம் ஆகியவற்றை அமைத்துக்கொள்ளும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

முளைக்கும் பயறு மூச்சு விடுகிறது

உலர்ந்த பயறு உறங்கும் உயிர். அது நீரை உறிஞ்சியவுடன் விழித்துக்கொள்கிறது. உள்ளே சேமித்து வைத்துள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, அதனைச் செலவிட்டு வேர் விடத் தொடங்குகிறது. இவ்வேலைக்கு அது காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவை வெளியிடுகிறது. அப்போது வெப்பமும் உண்டாகிறது. ஒரு பயறு வெளியிடும் வெப்பம் மிகச் சிறிது; ஆயினும் கால் கிலோ பயறு ஒரே மூட்டையில் இறுகக் கட்டுண்டு கிடக்கும்போது, அவ்வெப்பம் வெளியேற வழியின்றி நடுவில் தங்குகிறது. ஈர நெல்லைக் களத்தில் குவித்து வைத்தால் குவியலின் உட்புறம் சூடேறுவதை உழவர்கள் அறிவர். முளைப்பயற்று மூட்டைக்குள் நிகழ்வதும் அதுவே.

இத்துடன் வேறொன்றும் நிகழ்கிறது. ஊறிய பயற்றிலிருந்து, சிறப்பாக உடைந்த பயற்றிலிருந்தும் உயிரற்ற பயற்றிலிருந்தும், சர்க்கரையும் பிற சத்துகளும் சிறிது சிறிதாக நீரில் கசிகின்றன. பயற்றின் தோலில் இயல்பாகவே ஒட்டியுள்ள நுண்ணுயிர்களுக்கு இக்கசிவு நீரே உணவு. காற்றுப் புகாத இடமும், வெதுவெதுப்பும், இந்த உணவும் ஒருங்கே கிடைத்தால் அவை விரைந்து பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. இட்டிலி மாவு பொங்கிப் புளிப்பதும் இவ்வினத்து நுண்ணுயிர்களாலேயே. மாவில் நாம் வேண்டி வரவேற்கும் அதே செயல், முளைப்பயற்றில் வேண்டாத கேடாக முடிகிறது.

இனி, தெளித்தலுக்கும் அலசுதலுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும். மூட்டையின் மீது நீர் தெளித்தால் ஈரம் மட்டுமே கூடுகிறது. உள்ளே தங்கிய வெப்பமும் கசிவு நீரும் அங்கேயே இருக்கின்றன; தெளித்த நீர் அவற்றுடன் கலந்து, பயறுகளுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. அலசும்போதோ, குளிர்ந்த நீர் ஒவ்வொரு பயற்றையும் தொட்டு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கசிவைக் கழுவிச் செல்கிறது. வடிந்து விலகும்போது அதன் இடத்தில் புதுக் காற்று நுழைகிறது. ஆகவே அலசுதல் என்பது நீர் ஊட்டும் வேலை மட்டுமன்று. குளிரச் செய்தல், கழுவுதல், காற்றூட்டுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இம்மூன்றும் நிறைவேற வேண்டுமாயின், அலசிய நீர் முழுவதும் வடிந்தே தீர வேண்டும்.

எந்தப் பயற்றை எடுப்பது?

முதலில் ஓர் எச்சரிக்கை. விதைப்பிற்காக மருந்து கலந்து வைத்த பயற்றை எக்காரணங் கொண்டும் முளைகட்டி உண்ணலாகாது. பூஞ்சண மருந்தோ பூச்சி மருந்தோ கலந்த விதை பெரும்பாலும் சிவப்பு, இளஞ்சிவப்பு முதலிய நிறச் சாயம் பூசப்பட்டிருக்கும். உறையிலும் நஞ்சு என்ற குறிப்பு இருக்கும். விதைத்தது போக மிஞ்சியதை வேறு பாத்திரத்தில் கொட்டி வைத்துவிட்டால், வீட்டிலுள்ள மற்றவர்கள் அதனை உணவுப் பயறு என்றே எண்ணக்கூடும். எத்தனை முறை அலசினாலும் அம்மருந்து முற்றும் நீங்கிவிடாது. மிஞ்சிய விதையைக் கோழிக்கும் மாட்டிற்கும் கூட இடலாகாது. அதனை அதன் உறையிலேயே கட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வைப்பதே முறை.

உணவிற்கென்று வைத்த பயற்றிலும் எல்லாம் முளைகட்ட ஏற்றதன்று. நெடுநாள் இருப்பில் கிடந்ததும், வண்டு துளைத்ததும், அறுவடையில் மழையில் நனைந்ததும் முளைப்புத் திறன் குன்றியிருக்கும். முளைக்காத பயறு வெறுமனே கிடப்பதில்லை. வெதுவெதுப்பான ஈரத்தில் அழுகி, அருகிலுள்ள நல்ல பயற்றையும் கெடுக்கிறது. ஆதலின் புதிதாக வாங்கிய பயற்றை முளைகட்டுமுன், உழவர்கள் விதைக்குச் செய்யும் சோதனையையே இதற்கும் செய்து பார்த்தல் நன்று. நூறு பயற்றை எண்ணி எடுத்து, ஓரிரவு ஊறவைத்து, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து முளைத்தவற்றை எண்ண வேண்டும். விதைச் சான்றளிப்பில் பாசிப்பயற்றிற்கு நூற்றுக்கு 75 முளைத்தால் போதும் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. வயலுக்கு அது போதும். முளைக்காத 25-ம் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் சமையலறைத் தட்டிலோ அந்த 25-ம் மற்றவற்றோடு ஒட்டிக் கிடந்து நாறும். ஆகவே உண்பதற்கு முளைகட்டும் பயறு நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் முளைப்பதாக இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்ததை வேகவைத்துச் சுண்டலுக்கும், உடைத்துப் பருப்பிற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பயற்றைப் புடைத்து, கல்லும் உடைந்த பயறும் நீக்கி, மும்முறை கழுவ வேண்டும். கழுவும்போது மேலே மிதப்பவை பெரும்பாலும் வண்டு துளைத்தவையாதலால் அவற்றைக் களைந்துவிட வேண்டும்.

ஊறவைக்கும் நேரம்

ஓர் அளவு பயற்றிற்கு மூன்று முதல் நான்கு அளவு நீர் விடுதல் வேண்டும். பயறு தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான நீரை உறிஞ்சி, எடையில் இரு மடங்காகிறது. கால் கிலோ பயறு ஊறியபின் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். இதற்கு வெயில் காலத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரமும், குளிர் காலத்தில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரமும் போதும்.

"மேலும் சற்று நேரம் ஊறட்டுமே" என்று விடுவது பலர் செய்யும் பிழை. நீர் குடித்து முடித்த பயறு மூச்சு விடத் தொடங்கிவிடுகிறது; தேங்கிய நீரிலோ அதற்கு வேண்டிய காற்று இல்லை. காற்றில்லாத நிலையில் பயறு தன்னுள்ளேயே சாராயச் சத்தை உண்டாக்குகிறது. முளை பலம் குன்றுகிறது. ஊறும் நீரின் மேல் நுரை படர்ந்து, நீர் குழம்பியிருந்தால், அளவுக்கு மிஞ்சி ஊறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். புளிப்பின் வித்து பல வேளைகளில் துணியில் கட்டுவதற்கு முன்பே, ஊறும் பாத்திரத்திலேயே ஊன்றப்பட்டுவிடுகிறது.

ஊறிய பயற்றைக் கையால் அளைந்து பார்த்தால், சில மட்டும் உப்பாமல், சிறியனவாகவும் கல்போல் கடினமாகவும் இருக்கும். இவை உயிரற்றவை அல்ல; தோல் இறுகி நீரை உள்ளே விடாத கடின விதைகள். புதிதாக அறுவடையான பயற்றில் இவை மிகுதியாகக் காணப்படலாம். இவை அழுகமாட்டா, ஆனால் உண்ணும்போது பல்லைப் பதம் பார்க்கும். ஆதலின் இப்போதே பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

வடித்தலும் பரப்புதலும்

ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் இருமுறை அலசி, துளையுள்ள பாத்திரத்தில் பயற்றை இட்டுக் கால் மணி நேரம் சாய்த்து வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால்தான் அடியில் தேங்கும் கடைசி நீரும் ஒரு பக்கமாக வழிந்து இறங்கும். இட்டிலித் தட்டு, சல்லடை, அரிசி வடிக்கும் கூடை ஆகிய எதுவும் இதற்கு ஏற்றதே. துளையில்லாத பாத்திரத்தில் மூடி வைப்பது மட்டும் ஆகாது. அடியில் கிடக்கும் பயறு நீரில் மூழ்கி, மேலே முளைப்பதற்கு முன் கீழே அழுகத் தொடங்கும்.

வடிந்த பயற்றைத் துளையுள்ள தட்டிலேயே இரண்டு விரற்கடைக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மூடி வைத்தல் நன்று. துணி ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, அதிலிருந்து நீர் சொட்டலாகாது. தட்டின் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் சேரும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். அந்நீர் பயற்றைத் தொடாதிருக்க வேண்டும்.

மூட்டையாகக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் தவறானதன்று. தொங்கும் மூட்டையில் நீர் தேங்குவதில்லை. நாற்புறமும் காற்றுப் படுகிறது. ஆனால் மூட்டை சிறிதாக இருக்க வேண்டும்; நூறு கிராம் உலர்ந்த பயற்றிற்கு மேல் ஒரு மூட்டையில் கட்டலாகாது. முளை பருக்க இடமிருக்குமாறு தளரக் கட்ட வேண்டும். அலசும் நேரத்தில் மூட்டையின் மேல் நீரை ஊற்றினால் போதாது. அவிழ்த்து, பயற்றை ஒரு பாத்திர நீரில் கொட்டி அளைந்து, வடித்து, மீண்டும் கட்ட வேண்டும்.

துணியைப் பற்றித் தனியே ஒரு சொல். முன்பு ஒரு முறை புளித்த துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு மறுபடி பயன்படுத்தினால், அதன் இழைகளில் தங்கிய நுண்ணுயிர்கள், உறைமோர் பாலைத் தயிராக்குவதுபோல, புதிய பயற்றை விரைவில் புளிக்கச் செய்யும். ஒவ்வொரு முறையும் துணியைக் கொதிநீரில் இட்டுத் துவைத்து, வெயிலில் மொறமொறவென்று உலர்த்தி வைக்க வேண்டும். இரண்டு துணிகளை இதற்கென்றே ஒதுக்கி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வசதியாக இருக்கும்.

வெப்பம் எவ்வளவு இருக்கலாம்?

பாசிப்பயறு 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பத்தில் சீராகவும் சுத்தமாகவும் முளைக்கும். 20 டிகிரிக்குக் கீழே முளை தாமதமாகும். 35 டிகிரிக்கு மேல் முளை விரைவாக வரும்; ஆனால் நுண்ணுயிர்கள் அதனினும் விரைவாகப் பெருகும். நம் சமவெளி ஊர்களில் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டின் உட்புறமும், கான்கிரீட் கூரையின் கீழும், நண்பகலில் இவ்வெல்லை எளிதில் தாண்டிவிடும். பயற்றின் சொந்த வெப்பமும் அதனோடு சேர்கிறது.

வெப்பமானி இல்லாத வீட்டில் கையே போதும். சுத்தமாகக் கழுவிய விரல்களைப் பயற்றின் நடுவில் நுழைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் குறையில்லை. வெதுவெதுப்பாகத் தோன்றினால், நேரம் வந்தாலும் வராவிட்டாலும் அப்போதே அலச வேண்டும். அலசிய ஒரு மணி நேரத்திற்குள் மீண்டும் வெதுவெதுப்பானால் பயறு கனமாகக் கிடக்கிறது என்று பொருள். அதனை இரண்டு தட்டுகளாகப் பிரித்துப் பரப்ப வேண்டும்.

வெயில் காலத்தில் தட்டை அடுப்பு, சன்னல் வெயில், மேல்தளச் சுவர் ஆகியவற்றிற்கு அப்பால், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். தண்ணீர்ப் பானை வைக்கும் ஈர மணல் மேடையின் அருகில் வைப்பது மிகவும் நல்லது. நீர் ஆவியாகும்போது சுற்றிலும் வெப்பம் தணிகிறது. அதனால்தான் மண்பானை நீர் குளிர்கிறது. இம்முறை வறண்ட காற்று வீசும் உள்மாவட்டங்களில் நன்கு பயன்படும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாதல் குறைவு. அங்கே இதனை நம்பியிராமல் அலசும் முறைகளை ஒன்று கூட்டிக்கொள்வதே வழி.

குளிர் காலத்திலும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளிலும் நிலைமை நேர்மாறானது. அங்கே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தட்டைச் சாக்கினால் சுற்றி, அடுப்பங்கரையில் அனல் நேரே படாத இடத்தில் வைக்கலாம். சூடு காக்கும் பாத்திரத்தில் இறுக மூடி வைப்போர், மூடியைச் சிறிது திறந்து காற்றுக்கு வழி விட வேண்டும். முளை வரத் தாமதமாகிறதே என்று வெந்நீர் ஊற்றுதல் கூடாது. கை பொறுக்காத சூட்டில் பயறு மடிந்து, பின்னர் அழுகும்.

அலசும் நேரங்கள்

வெயில் காலத்தில் நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை அலசுதல் வேண்டும். கால் கிலோ பயற்றை வைத்து இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பயற்றைக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் ஊறவைக்கிறோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீரை வடித்து, இருமுறை அலசி, சாய்த்து வடியவிட்டு, இரண்டு தட்டுகளில் பரப்புகிறோம். பின்னர் காலை பத்து மணி, பகல் இரண்டு மணி, மாலை ஆறு மணி, இரவு பத்து மணி என நான்கு முறை அலசுகிறோம். பகல் இரண்டு மணி அலசலைத் தவறவிடவே கூடாது. நாளின் வெப்பம் உச்சத்தை அடையும் வேளை அது. பிற்பகலிலேயே வேர் முனை வெண்புள்ளியாகத் தோன்றியிருக்கும். இரவு பத்து மணிக்கு அலசியபின், மறு நாள் காலை ஐந்து மணி வரை ஏழு மணி நேர இடைவெளி உள்ளது. இரவு குளிர்ச்சி இதற்குத் துணை செய்யும்; ஆயினும் அன்றிரவு பயற்றை ஒரு விரற்கடைக் கனத்திற்கு மெலிதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். திங்கள் காலையில் முளை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். வீட்டு உபயோகத்திற்கு இதுவே தகுந்த பருவம்.

குளிர் காலத்தில் மாலை ஆறு மணிக்கு ஊறவைத்து, மறு நாள் காலை ஆறு மணிக்கு வடித்து, அதன்பின் காலை, நண்பகல், இரவு என நாளொன்றுக்கு மூன்று முறை அலசினால் போதும். இதே அளவு முளைக்க ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை ஆகலாம்.

ஒவ்வொரு முறையும் பயறு மூழ்குமளவு நீர் விட்டு, முளை ஒடியாமல் மெதுவாக அளைந்து, நீரை வடித்து, மீண்டும் ஒரு முறை புது நீர் விட்டு வடிக்க வேண்டும். முதல் நீர் சற்றே கலங்கியிருப்பது இயல்பு. இரண்டாம் நீர் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லையேல் மூன்றாம் முறையும் அலச வேண்டும். நீர் வடிந்து முடிந்த பின்னரே துணியால் மூட வேண்டும். இதற்குப் பயன்படும் நீர் குடிப்பதற்குத் தகுதியான நீராகவே இருத்தல் வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரால் முளைக்குக் கேடில்லை. கிணற்று நீராயின் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும்.

மூட்டையும் தட்டும்: ஓர் ஒப்பீடு

எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மே மாதத்தில், மகளிர் சுய உதவிக் குழுவினர் இவ்வேறுபாட்டைத் தாமே செய்து பார்த்தனர். ஒரே கடையில் வாங்கிய அரைக் கிலோ பயற்றை ஒன்றாக ஊறவைத்து, இரு பங்காகப் பிரித்தனர். ஒரு பங்கை வழக்கம்போல் இரட்டைத் துணியில் இறுகக் கட்டி, சட்டியில் வைத்து, நினைத்தபோது நீர் தெளித்து வந்தனர். மற்றொரு பங்கை இரண்டு இட்டிலித் தட்டுகளில் பரப்பி, மேற்கூறிய நேரங்களில் அலசி வந்தனர்.

மாலை ஆறு மணிக்கு மூட்டையை அவிழ்த்தபோது, வெளிப்புறத்துப் பயறு நன்றாகவே முளைத்திருந்தது. நடுவில் விரலை விட்ட பெண்மணி, "உள்ளே சோறு மாதிரி சுடுகிறதே!" என்றார். நடுப்பயற்றில் முளை குறுகியிருந்தது, தோல் வழுவழுத்தது, கழுநீர் வாடை இலேசாக எழுந்தது. அடியில் சட்டியோடு ஒட்டியிருந்த பயறு முளைக்கவே இல்லை. தட்டில் இருந்த பங்கிலோ முளை யாவும் ஒரே அளவாக, பச்சைக் காய் உடைத்த மணத்துடன் இருந்தது. பயறும் ஒன்று, நீரும் ஒன்று, வீடும் ஒன்று. வேறுபட்டவை கனமும் அலசலுமே. கெட்டது வெளியிலிருந்து தொடங்கவில்லை. காற்றுப் படாத நடுவிலிருந்தும், நீர் தேங்கிய அடியிலிருந்துமே தொடங்கியது. ஆதலால் மேற்புறத்தை மட்டும் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்தல் கூடாது. முகர்ந்து பார்ப்பதாயினும், தொட்டுப் பார்ப்பதாயினும், நடுப்பயற்றையும் அடிப்பயற்றையுமே பார்க்க வேண்டும்.

நாற்றத்தை இனங்காணுதல்

பச்சைப் பயற்றங்காயை உடைத்தாற்போன்ற மணம் முளைப்பயற்றிற்கு இயல்பானது. அதனைக் கண்டு ஐயுற வேண்டா. மோர் அல்லது கழுநீர் போன்ற புளிப்பு வாடை எழுந்தால் காற்றும் அலசலும் போதவில்லை என்பது பொருள். பயறு வழுக்காமல், வாடை மட்டும் இலேசாக இருக்குமாயின், உடனே மும்முறை அலசி, கெட்ட பயற்றைப் பொறுக்கி, மெலிதாகப் பரப்ப வேண்டும். வாடை முற்றும் நீங்கினால் மேலும் முளைக்கக் காத்திராமல் அன்றே நன்கு வேகவைத்து உண்ணலாம். அலசிய பின்னும் வாடை நின்றாலோ, பயறு வழுவழுத்தாலோ, அழுகல் நாற்றம் வீசினாலோ, அதனை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிவதும், உப்பு நீரில் கழுவுவதும், சோடா உப்பு இடுவதும் நாற்றத்தை மறைக்குமேயன்றிக் கேட்டை நீக்கமாட்டா.

வேரின் நுனிப் பக்கத்தில் பஞ்சுபோல் மெல்லிய வெண்மை தோன்றுவதைக் கண்டு, பூஞ்சணம் பிடித்துவிட்டதாகச் சிலர் அஞ்சுவர். அது பெரும்பாலும் வேர்த் தூவியே. ஒவ்வொரு வேரிலும் ஒரே இடத்தில் ஒரே சீராக இருக்கும். நீரில் நனைத்தவுடன் படிந்து மறையும். பூஞ்சணமோ சில பயறுகளில் மட்டும் தோன்றி, பயற்றின் மீதே படர்ந்து, அண்டையிலுள்ளதையும் பின்னும். நீரில் நனைத்தாலும் மறையாது. மக்கிய வாடை வீசும். பூஞ்சணம் கண்ட தட்டு முழுவதையும் கழித்துவிட வேண்டும்.

நாற்றமின்மை மட்டும் போதாது

இதுவரை கூறிய முறைப்படி செய்தால் புளிப்பு நாற்றம் எழாது. ஆனால் நாற்றம் இல்லாத முளைப்பயறு யாவும் பச்சையாக உண்ணத் தக்கது என்று எண்ணிவிடலாகாது. களத்திலோ கிடங்கிலோ சாணமும், எலிப்புழுக்கையும், அசுத்த நீரும் பட்ட பயற்றில், வயிற்றுப்போக்கையும் கடும் நோயையும் உண்டாக்கும் கிருமிகள் ஒட்டியிருக்கக்கூடும். முளைக்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் அவற்றிற்கும் வேண்டியவையே. அவை பெருகினாலும் வாடையோ நிறமாற்றமோ தோன்றுவதில்லை. 2011-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வாயிலாகப் பரவிய நோயில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அலசுதல் கிருமிகளைக் குறைக்கும், முற்றும் ஒழிக்காது. ஒழிக்க வல்லது வெப்பம் ஒன்றே.

ஆகவே சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்கு முளைப்பயற்றைப் பச்சையாகக் கொடுக்கலாகாது. இட்டிலிப் பானையில் ஆவியில் நன்கு வேகவைத்தோ, நீரில் கொதிக்கவைத்தோதான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் இதுவே பாதுகாப்பான வழி. உலர்ந்த பயற்றில் மிகக் குறைவாக உள்ள 'சி' உயிர்ச்சத்து முளைக்கும்போது கூடுகிறது. வேகும்போது அதில் ஒரு பகுதி குறைவது உண்மையே. ஆயினும் எஞ்சுவதும் பயன் தருவதே. மேலும் முளைத்த பயறு சிறிது நேரத்திலேயே வெந்துவிடும். உண்ணும் வேளைக்கு முன்பாக அளவான நீரில் வேகவைத்து, அந்நீரையும் சேர்த்துக்கொண்டால் இழப்புக் குறையும்.

முளைத்த பயற்றை அன்றே சமைத்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில், கடைசியாக அலசி, ஈரம் நன்கு வடிந்த பின், மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு இரண்டு நாள் வரை வைத்திருக்கலாம். பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைய தேவைக்கு மட்டும் முளைகட்ட வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வேளைக்கு நூறு முதல் நூற்றைம்பது கிராம் உலர்ந்த பயறு போதும்.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனத்திற்கு

இவ்வேலையில் வீட்டாரின் கைக்கு அப்பாற்பட்டது நீரின் தூய்மை. நாளொன்றுக்கு நான்கைந்து முறை அலசும் பயற்றில், நீரிலுள்ள மாசும் அத்தனை முறை சேர்கிறது. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்தபின், தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியின் அருகிலுள்ள குழாயில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தினால் கடைத்தெருவின் நிலை தெரியாது. குளோரின் சோதனைப் பெட்டியைக் கொண்டு கடைசிக் குழாயில் சோதித்து, குறைவு கண்டால் தொட்டி இயக்குபவரிடம் கூறி அன்றே சரி செய்விப்பது உறுப்பினர்களின் பொறுப்பு.

அங்கன்வாடியிலோ பள்ளியிலோ குழந்தைகளுக்கென முளைப்பயறு செய்யும் இடங்களில், உறுப்பினர்கள் பார்வையிடும்போது மூன்றை மட்டும் கேட்டறிந்தால் போதும். பயறு எங்கிருந்து வந்தது, அது விதைக்கென மருந்து கலந்ததன்று என்பது உறுதிதானா? நண்பகலில் அலசுபவர் யார்? வெந்த பின்னரே குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறதா? சமையல் பொறுப்பாளர் பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பி, மறு நாள் காலையில்தான் வருவாராயின், அவ்விடத்தில் வெயில் காலத்தில் முளைகட்டுதல் முறையாக நடைபெற இயலாது. அத்தகைய இடங்களில் பயற்றை ஊறவைத்து, முளைக்கவிடாமல் அன்றே வேகவைத்துச் சுண்டலாகக் கொடுப்பதே தக்கது. அலச ஆள் உள்ள மாதங்களிலும், அலச ஆள் உள்ள இடங்களிலும் மட்டும் முளைகட்டச் செய்தல் வேண்டும்.